பழைய எண், புதிய எண்: ஹங்க் தலைவரியைப் படிக்கும் முறை

நம் ஊர்த் தெருக்களில் ஒரு வீட்டைத் தேடிப் போனால் கதவு நிலையில் இரண்டு எண்கள் இருக்கும். பழைய எண் 12, புதிய எண் 15. தபால்காரருக்கு இரண்டும் தெரியும். வெளியூரிலிருந்து வருபவர் கையில் உள்ள விலாசம் பழையதா புதியதா என்று கேட்காமல் யாரும் வழி சொல்லமாட்டார்கள். பழைய எண்ணை வைத்துக்கொண்டு புதிய எண் வரிசையில் தேடினால் மூன்று வீடு தள்ளிப் போய் நிற்க வேண்டியதுதான்.

ஒருங்கிணைந்த டிஃப்பில் `@@` என்று தொடங்கும் வரியும் இதே வேலையைத்தான் செய்கிறது. கோப்பின் ஒரு பகுதிக்குப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கிறது. கழித்தல் குறியோடு வருவது பழைய கோப்பின் எண், கூட்டல் குறியோடு வருவது புதிய கோப்பின் எண். இந்த வரியைத் தலைவரி என்றும், அது தொடங்கிவைக்கும் துண்டை ஹங்க் என்றும் இந்த அத்தியாயத்தில் அழைப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே கோப்பை அத்தியாயம் முழுக்க வைத்துக்கொள்வோம். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களின் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் வரிக்கு ஒன்றாக எழுதிய சாதாரண உரைக்கோப்பு அது. பெயர் `kanmai.txt`, மொத்தம் 60 வரி. கல்லூரி மாணவர்கள் சிலரோடு இப்படி ஒரு பட்டியலைக் கிட்டில் வைத்துச் சரிபார்த்த நாட்களில்தான், தலைவரியை எந்த இடத்தில் எல்லோரும் தவறாகப் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெளிவானது. ஒருநாள் மூன்று திருத்தங்கள் நடந்தன. மாடக்குளம் ஒற்றெழுத்து விடுபட்டு ‘மாடகுளம்’ என்று இருந்தது. அதைத் திருத்தி, அதற்கு அடுத்து கொடிக்குளத்தைச் சேர்த்தார்கள். விளாங்குடி இரண்டு முறை இருந்தது, ஒன்றை நீக்கினார்கள். கடைசியில் இரண்டு ஊர்களைச் சேர்த்தார்கள். `git diff` காட்டியது, மேலே வரும் `diff --git`, `index` வரிகளை எடுத்துவிட்டால், இது:

```
--- a/kanmai.txt
+++ b/kanmai.txt
@@ -12,7 +12,8 @@
 செல்லூர்
 வண்டியூர்
 உத்தங்குடி
-மாடகுளம்
+மாடக்குளம்
+கொடிக்குளம்
 தென்கால்
 நிலையூர்
 அவனியாபுரம்
@@ -31,7 +32,6 @@
 சமயநல்லூர்
 பரவை
 விளாங்குடி
-விளாங்குடி
 துவரிமான்
 கீழமாத்தூர்
 கோச்சடை
@@ -58,3 +58,5 @@
 மேலூர்
 சோழவந்தான்
 வாடிப்பட்டி
+திருமங்கலம்
+கள்ளிக்குடி
```

முதல் தலைவரியைப் பார்த்த ஒரு மாணவர் உடனே கோப்பில் 12ஆம் வரிக்குப் போனார். “அண்ணே, 12ல செல்லூர்னு இருக்கு. அது சரியாத்தானே இருக்கு, அதுல என்ன மாறியிருக்கு?” என்று கேட்டார். டிஃப் படிக்கத் தொடங்கும் அநேகருக்கு வரும் முதல் தடுமாற்றம் இதுதான். 12 என்பது மாறிய வரியின் எண் அன்று. ஹங்க்கில் அச்சாகியிருக்கும் முதல் வரியின் எண். மாற்றம் நடந்த இடத்துக்கு முன்னும் பின்னும் மாறாத மூன்று வரிகளை டிஃப் சேர்த்தே காட்டும். அவற்றைச் சூழல் வரிகள் என்போம். தொடக்க எண் அந்த முதல் சூழல் வரிக்கு உரியது. ஆகவே மேலே மூன்று சூழல் வரி இருந்தால் மாற்றம் 12ஐ அடுத்து மூன்று வரி தள்ளி, 15இல் இருக்கிறது.

காற்புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணையும் பலர் முடிவு வரி என்று படித்துவிடுகிறார்கள். `-12,7` என்பதை ‘12 முதல் 7 வரை’ என்று படிக்க முடியாது என்பதால் இங்கே யோசிக்க வைக்கிறது. ஆனால் `-12,70` என்று இருந்தால் ‘12 முதல் 70 வரை’ என்று தயங்காமல் படித்துவிடுவோம், தப்பு வெளியே தெரியவும் தெரியாது. இரண்டாம் எண் எத்தனை வரி என்ற எண்ணிக்கை. 12இல் தொடங்கி ஏழு வரி என்றால் கடைசி வரி 18. தொடக்கத்தோடு எண்ணிக்கையைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். அந்த ஒன்றைக் கழிக்க மறந்தால் 19 என்று வரும், பக்கத்து வரியில் போய் நிற்போம்.

எண்ணும் முறையை ஒருமுறை கையால் செய்து பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. பழைய கோப்பில் எண்ணும்போது கூட்டல் குறி உள்ள வரிகளை இல்லாதது போலத் தாண்டுங்கள். புதிய கோப்பில் எண்ணும்போது கழித்தல் குறி உள்ளவற்றைத் தாண்டுங்கள். வெற்றிடத்தோடு தொடங்கும் சூழல் வரி இரண்டு கணக்கிலும் சேரும். முதல் ஹங்க்கை இப்படி எழுதிக்கொள்ளலாம்:

```
பழைய  புதிய
 12    12    செல்லூர்
 13    13    வண்டியூர்
 14    14    உத்தங்குடி
 15     .   -மாடகுளம்
  .    15   +மாடக்குளம்
  .    16   +கொடிக்குளம்
 16    17    தென்கால்
 17    18    நிலையூர்
 18    19    அவனியாபுரம்
```

பழைய கோப்பில் 15ஆம் வரி போய், புதிய கோப்பில் 15, 16 என இரண்டு வரிகள் வந்திருக்கின்றன. தென்கால் பழைய கோப்பில் 16, புதியதில் 17. இடது பத்தியில் ஏழு எண்கள், வலது பத்தியில் எட்டு. தலைவரி சொன்ன 7, 8 இவைதான்.

எண் கிடைத்தபின் எந்தக் கோப்பைத் திறக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். உங்கள் வட்டில் இப்போது இருப்பது புதிய கோப்பு. எடிட்டரில் அதைத் திறந்து போக வேண்டிய எண் கூட்டல் பக்கத்து எண். இடையில் `git add` செய்யாதவரை, கழித்தல் பக்கத்து எண் கடைசியாகக் கமிட் செய்த கோப்புக்கு உரியது; அதைப் பார்க்க அந்தப் பழைய பிரதியை வெளியே எடுக்க வேண்டும்.

```
sed -n '15,16p' kanmai.txt
git show HEAD:kanmai.txt | sed -n '15p'
```

முதல் கட்டளை மாடக்குளத்தையும் கொடிக்குளத்தையும் காட்டும். இரண்டாவது, ஒற்றெழுத்து விடுபட்ட பழைய வரியைக் காட்டும். முதல் ஹங்க்கில் இரு பக்கத் தொடக்கமும் 12ஆகவே இருப்பதால் இந்த வேறுபாடு உறைக்காது. இரண்டாவது ஹங்க்கில்தான் உறைக்கும்.

அந்த இரண்டாவது ஹங்க்கின் தலைவரி `-31,7 +32,6`. பழையதில் 31இல் இருந்த சமயநல்லூர் புதியதில் 32க்கு இறங்கியிருக்கிறது. காரணம் மேலே முதல் ஹங்க்கில் ஒரு வரி கூடியது. தெருவில் முன்பக்கம் ஒரு வீடு புதிதாக முளைத்தால் பின்னால் உள்ள கதவெண்கள் எல்லாம் ஒன்று தள்ளுவதைப் போல. ஒரு ஹங்க்கின் புதிய தொடக்கத்திலிருந்து பழைய தொடக்கத்தைக் கழித்தால், அதற்கு மேலே உள்ள எல்லா ஹங்க்குகளிலும் சேர்ந்து நிகரமாக எத்தனை வரி கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது என்பது கிடைக்கும். இங்கே 32லிருந்து 31 போனால் 1. முதல் ஹங்க்கில் 8லிருந்து 7 போனாலும் 1. கணக்கு ஒத்துப்போகிறது.

இரண்டாவது ஹங்க்கில் ஒரு வரி குறைந்தது. கூடிய ஒன்றும் குறைந்த ஒன்றும் சேர்ந்து தள்ளல் பூஜ்யம். அதனால்தான் மூன்றாவது ஹங்க் இரு பக்கமும் 58இல் தொடங்குகிறது. அதில் இரண்டு வரி கூடியது. எல்லாம் முடிந்தபின் புதிய கோப்பின் மொத்தம் 60உடன் 2, அதாவது 62 வரி. `wc -l kanmai.txt` 62 என்று சொன்னால் டிஃப்பை முழுதாகப் படித்துவிட்டீர்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு ஹங்க் கைக்கு வந்து சேரவில்லை. மின்னஞ்சலில் வெட்டி ஒட்டிய டிஃப்களில் நான் முதலில் பார்ப்பது இந்தத் தள்ளலைத்தான். முழு டிஃப்பையும் படிப்பதற்கு முன் தலைவரிகளை மட்டும் பிரித்தெடுத்துவிட்டால் ஒரு நிமிட வேலை:

```
git diff | grep '^@@'
```

விளாங்குடி விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. பழைய கோப்பில் 33, 34 இரண்டிலும் அதே பெயர். திருத்தியவர் கையால் அழித்தது 33ஆம் வரியாக இருக்கலாம். டிஃப் 34 போனதாகக் காட்டுகிறது. டிஃப்புக்கு எடிட்டரில் நடந்தது தெரியாது. இரண்டு கோப்புகளின் முடிவான நிலை மட்டும்தான் தெரியும். ஒன்றுபோல உள்ள வரிகளில் எதை நீக்கினாலும் விளைவு ஒன்றே, ஆகவே பின்னதைச் சொல்கிறது. ‘நான் அதை அழிக்கவில்லையே’ என்று குழம்ப வேண்டாம். நீக்கப்பட்ட வரிக்குப் புதிய கோப்பில் எண்ணும் கிடையாது. மிஞ்சிய விளாங்குடி 34, துவரிமான் 35. நீக்கம் நடந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்.

எண்ணிக்கை எப்போதும் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரே ஒரு வரி என்றால் காற்புள்ளியும் 1உம் விடுபட்டுவிடும். `-15` என்று தனியாக இருந்தால் ‘15இல் தொடங்கி ஒரு வரி’. சூழல் வரிகளே வேண்டாம் என்று `git diff -U0` கொடுத்தால் நம் மூன்று தலைவரிகளும் இப்படி வரும்:

```
@@ -15 +15,2 @@
@@ -34 +34,0 @@
@@ -60,0 +61,2 @@
```

சூழல் வரி இல்லாததால் இப்போது தொடக்க எண்ணே மாற்றத்தின் எண். இடத்தை மட்டும் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் பூஜ்யம் வரும் இடத்தில் ஒரு விதி மாறுகிறது. பூஜ்யம் வரி என்றால் அந்தப் பக்கத்தில் காட்ட வரியே இல்லை, ஆகவே தொடக்கம் என்று சொல்லவும் எதுவும் இல்லை. அதனால் முந்தைய வரியின் எண்ணைப் போடுகிறார்கள். `+34,0` என்றால் புதிய கோப்பில் 34ஆம் வரிக்கு அடுத்து இருந்தது போய்விட்டது என்று பொருள். `-60,0 +61,2` என்றால் பழைய கோப்பின் 60ஆம் வரிக்குப் பிறகு, புதிய கோப்பின் 61, 62 வரிகளாக இரண்டு வந்தன. இங்கே 61லிருந்து 60ஐக் கழித்து ‘ஒன்று தள்ளியிருக்கிறது’ என்று முடிவு கட்டக் கூடாது. பூஜ்யம் உள்ள பக்கத்து எண்ணுடன் ஒன்றைக் கூட்டிக்கொண்டு பிறகு கழியுங்கள். தள்ளல் பூஜ்யம் என்று சரியாக வரும். புத்தம் புதுக் கோப்பில் `-0,0` வருவதும் இதே விதியால்தான். முந்தைய வரி என்று எதுவும் இல்லாததால் அது 0.

கொஞ்சம் வரலாறு. டிஃப் கருவி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் கையில் உருவானது. லாரி வால் 1985இல் பேட்ச் நிரலை எழுதினார். நாம் இப்போது படிக்கும் ஒருங்கிணைந்த வடிவத்தை வெய்ன் டேவிசன் 1990இல் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு வெளியான குனு டிஃப்பில் அது இடம்பெற்றது. அதற்கு முன் இருந்த சூழல் டிஃப் வடிவத்தில் பழைய துண்டு முழுவதையும் ஒரு முறை, புதிய துண்டு முழுவதையும் மறுமுறை அச்சிடுவார்கள். மாறாத வரிகள் இரண்டு தடவை வரும். இரண்டையும் ஒன்றாகப் பின்னியதால்தான் ஒரே தலைவரியில் இரண்டு விலாசம் எழுத வேண்டிய தேவை வந்தது.

அடுத்து, ஒரு ஹங்க்குக்கு ஒரு மாற்றம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு மாற்றங்களுக்கு நடுவே மாறாத வரிகள் ஆறு அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், மேலதன் கீழ்ச்சூழலும் கீழதன் மேல்சூழலும் தொட்டுக்கொள்ளும். அப்போது இரண்டும் ஒரே ஹங்க்காகிவிடும். ஏழு வரி இருந்தால் பிரிந்து நிற்கும். `-12,14 +12,14` போன்ற தலைவரியைப் பார்த்துவிட்டு, மூன்று வரி தள்ளி ஒரு மாற்றத்தைக் கண்டதும் எழுந்துவிட்டால் கீழே உள்ள இரண்டாவதைத் தவறவிடுவோம். பதினான்கில் சூழல் ஆறு போக எட்டு வரி மிஞ்சுகிறது. எட்டும் மாறியதா, அல்லது நடுவில் மாறாத வரிகள் கிடக்கின்றனவா என்று கீழ் வரை பார்க்க வேண்டும். கோப்பின் தலைப்பிலும் அடியிலும் சூழல் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். நம் மூன்றாவது ஹங்க்கில் கீழ்ச்சூழலே இல்லை, கோப்பு அங்கே முடிகிறது. மாற்றம் 2ஆம் வரியில் என்றால் மேலே ஒரு சூழல் வரிதான் இருக்கும். ‘தொடக்கத்தோடு மூன்று கூட்டு’ என்று மனப்பாடமாக வைத்துக்கொண்டவர்கள் இந்த இடங்களில் தவறுவார்கள். வெற்றிடத்தோடு தொடங்கும் வரிகளைக் கண்ணால் எண்ணுவதே பத்திரம்.

நிரல் கோப்புகளில் இரண்டாவது `@@`க்குப் பிறகு ஏதாவது எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரு செயற்கூற்றின் பெயர். வழிதேட உதவும் என்று கிட் சேர்த்துத் தருவது அது. ஆனால் அதை நம்பி ‘இந்தச் செயற்கூறுதான் மாறியிருக்கிறது’ என்று சொல்லக் கூடாது. ஹங்க்கின் முதல் வரிக்கு மேலே தேடிக் கிடைத்த பெயர் அது. மாறிய செயற்கூற்றின் தொடக்கமே சூழல் வரிகளுக்குள் விழுந்துவிட்டால், தலைவரியில் வருவது அதற்கு முந்தைய செயற்கூற்றின் பெயராக இருக்கும். நம் கண்மாய்ப் பட்டியலில் அந்த இடம் காலியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தனி விதி எதுவும் சொல்லாதபோது, ஆங்கில எழுத்திலோ அடிக்கோட்டிலோ டாலர் குறியிலோ தொடங்கும் வரியைத்தான் கிட் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தில் தொடங்கும் வரி அதன் கண்ணில் படாது.

இனி, தலைவரியைப் பார்த்த மாத்திரத்தில் நோயைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு நிலை. இதே கோப்பை ஒரு மாணவி தன் விண்டோஸ் கணினியில் திறந்து ஒரே ஒரு பெயரைத் திருத்தினார். டிஃப்பில் வந்தது ஒரே ஒரு ஹங்க்:

```
@@ -1,62 +1,62 @@
```

கீழே 62 வரிகள் கழித்தலோடு, அடுத்து அதே 62 வரிகள் கூட்டலோடு. முதல் வரியில் தொடங்கி, கோப்பின் மொத்த வரிகளும் இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இருந்தால், யாரும் அத்தனையையும் திருத்தியிருக்க மாட்டார்கள். வரியின் கண்ணுக்குத் தெரியாத கடைசிப் பகுதி மாறியிருக்கிறது. அந்த எடிட்டர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் விண்டோஸ் வழக்கப்படி ஒரு கூடுதல் குறியைச் சேர்த்துச் சேமித்துவிட்டது. உண்மையான திருத்தம் அந்த வெள்ளத்துக்குள் அமிழ்ந்து போனது. வரிமுடிவை ஒதுக்கிவிட்டுப் பார்க்கச் சொன்னால் மேலே வரும்:

```
git diff --ignore-space-at-eol
```

இப்போது தலைவரி `-37,7 +37,7` என்று சுருங்கியது. மூன்று தள்ளி 40ஆம் வரி. அவர் திருத்தியதும் அதைத்தான். இந்த டிஃப்பை அப்படியே கமிட் செய்திருந்தால், அடுத்த ஆண்டு யார் எந்தப் பெயரை எப்போது திருத்தினார்கள் என்று பின்னோக்கித் தேடும்போது எல்லா வரியும் அவர் பெயரில் நிற்கும். வரிமுடிவை முதலில் பழையபடி மாற்றிவிட்டுத்தான் கமிட் செய்ய வேண்டும்.

தமிழ்க் கோப்புகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் இதைவிட நுண்மையானது. தலைவரி உங்களைச் சரியான வரிக்கே கொண்டுபோய் நிறுத்தும். அங்கே பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது.

```
@@ -13,7 +13,7 @@
 வண்டியூர்
 உத்தங்குடி
 மாடக்குளம்
-கொடிக்குளம்
+கொடிக்குளம்
 தென்கால்
 நிலையூர்
 அவனியாபுரம்
```

புதிய கோப்பின் 16ஆம் வரி மாறியிருக்கிறது என்கிறது டிஃப். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் இரண்டும் கொடிக்குளம்தான். டிஃப் பொய் சொல்லவில்லை. யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை இரண்டு விதமாக எழுத முடியும். ஒகரக் குறி முழுவதற்கும் ஒரே குறியீட்டைப் போடலாம். அல்லது முன்னால் வரும் ஒற்றைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியே இரண்டு குறியீடுகளாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. டிஃப் ஒப்பிடுவது பைட்டுகளை. தலைவரி தந்த 16 என்ற எண்ணை வைத்தே இதைச் சோதிக்கலாம்:

```
git show HEAD:kanmai.txt | sed -n '16p' | xxd -p
sed -n '16p' kanmai.txt | xxd -p
```

ஒன்று `e0ae95e0af8a` என்று தொடங்கும். மற்றது `e0ae95e0af86e0aebe` என்று தொடங்கும். முதல் ஆறு இலக்கம் ககர எழுத்து, இரண்டிலும் ஒன்றே. பிறகு ஒன்றில் ஒகரக் குறி மூன்று பைட்டில் முடிகிறது, மற்றதில் கொம்பும் காலுமாக ஆறு பைட் பிடிக்கிறது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இது நடக்கும். வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டியவர்களின் கோப்புகள் ஒன்றுசேரும்போது இப்படிப்பட்ட மாற்றங்கள் வரும். ஒரே குறியீடாக எழுதும் முறையைக் கோப்பு முழுவதற்கும் ஒருமுறை செய்துவிட்டு அதைத் தனிக் கமிட்டாக வைப்பதே நல்லது. உண்மையான பெயர்த் திருத்தங்களோடு கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இதுவரை படிப்பதைப் பற்றிப் பேசினோம். டிஃப்பைக் கோப்பாகச் சேமித்து இன்னொருவருக்கு அனுப்பும்போது அது பேட்ச் ஆகிறது. அப்போது தலைவரியின் எண்களை நம்பி நிரல் வேலை செய்யும். பேட்ச்சைக் கையால் திருத்தினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கொடிக்குளத்தை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்று நினைத்த ஒருவர், பேட்ச் கோப்பைத் திறந்து `+கொடிக்குளம்` என்ற வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினார். பெற்றுக்கொண்டவர் திரையில் வந்தது:

```
error: corrupt patch at line 12
```

அவர் `kanmai.txt` கோப்பின் 12ஆம் வரியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே செல்லூர் இருந்தது. இந்த 12 பேட்ச் கோப்பின் வரி எண். கண்மாய்ப் பட்டியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மேலே காட்டியபடி `diff --git`, `index` வரிகள் இல்லாத பேட்ச்சில் எண்ணிப் பாருங்கள்: கோப்புப் பெயர்கள் இரண்டு வரி, முதல் தலைவரி மூன்றாவது, மிஞ்சிய உடல் எட்டு வரி 4 முதல் 11 வரை, 12ஆவது இரண்டாவது ஹங்க்கின் தலைவரி. அந்தத் தலைவரியில் எந்தப் பிழையும் இல்லை. முதல் தலைவரி `+12,8` என்று எட்டு புதிய வரிகளை வாக்களித்திருந்தது. உடலில் ஏழுதான் கிடைத்தது. இன்னும் ஒன்று வரும் என்று காத்திருந்த நிரல் `@@`ஐக் கண்டதும் நின்றுவிட்டது. ஆகவே இந்தப் பிழைச்செய்தி வந்தால், அது சொல்லும் வரிக்கு மேலே உள்ள ஹங்க்கில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

திருத்தம் எளிது. `+12,8` என்பதை `+12,7` ஆக்க வேண்டும். ஒரு வரி குறைந்ததால் கீழே உள்ள புதிய தொடக்கங்களும் ஒன்று குறையும்: 32 என்பது 31, கூட்டல் பக்கத்து 58 என்பது 57. எண்ண மனமில்லாவிட்டால் `git apply --recount` கொடுத்தால் தலைவரி சொல்லும் எண்ணிக்கையை விட்டுவிட்டு உடலைத் தானே எண்ணிக்கொள்ளும். நான் கையாலேயே திருத்துவேன். எண்ணும்போது வேறு ஏதாவது விடுபட்டிருந்தால் அதுவும் கண்ணில் படுகிறது.

கடைசியாக, எண்கள் சரியாக இருந்தும் இடம் மாறும் நிலை. நீங்கள் பேட்ச் அனுப்பிய பிறகு, பெறுபவர் தன் கோப்பின் தலையில் நான்கு வரி விளக்கம் சேர்த்துவிட்டார் என்று வைப்போம். 12இல் இருந்த செல்லூர் அவரிடம் 16இல் இருக்கிறது. பேட்ச் நிரல் 12இல் தேடும், சூழல் வரிகள் ஒத்துவராது, மேலும் கீழும் ஒவ்வொரு வரியாக நகர்ந்து தேடி 16இல் பிடித்துக்கொள்ளும்.

```
Hunk #1 succeeded at 16 (offset 4 lines).
```

இது நல்ல செய்தி. அடுத்தடுத்த ஹங்க்குகளும் அதே நான்கு வரித் தள்ளலைச் சொன்னால் கவலையில்லை. ஒரு ஹங்க் மட்டும் நான்கு என்றும், அடுத்தது முப்பது என்றும் சொன்னால் அந்த இடத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். நம் பட்டியலில் விளாங்குடியைத் தவிர பெயர்கள் திரும்ப வருவதில்லை, அதனால் ஆபத்து குறைவு. பேருந்து நேரப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், பெரியார் நிலையம் என ஒவ்வொன்றின் கீழும் 5.30, 5.45, 6.00 என்று தொடங்கி இரவு வரை ஒரேமாதிரி வரிகள். ஆரப்பாளையத்துக்குக் கீழே 6.15ஐச் சேர்க்கும் ஹங்க்கில் மேலும் கீழும் உள்ள சூழல் வரிகள் எல்லாம் இந்த நேரங்கள்தான், நிலையத்தின் பெயர் அவற்றுக்கும் மேலே இருப்பதால் ஹங்க்குக்குள் வரவில்லை. பெறுபவரின் கோப்பு வெகுவாகத் தள்ளியிருந்தால், தேடி நகரும் நிரலுக்கு மாட்டுத்தாவணியின் அதே வரிகள் முதலில் கிடைத்துவிடலாம். அங்கேயே ஒட்டிவிட்டு, வெற்றி என்று சொல்லிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆரப்பாளையத்துப் பேருந்து மாட்டுத்தாவணிப் பட்டியலில் ஏறியிருக்கும்.

இப்படிப்பட்ட கோப்புகளுக்குப் பேட்ச் எடுக்கும்போது `git diff -U8` என்று சூழலைக் கூட்டி, நிலையத்தின் பெயர் ஹங்க்குக்குள் வரும்படி செய்யுங்கள். தலைவரியில் எண்ணிக்கை பெரிதாகும், தொடக்க எண் மேலே போகும், மாற்றத்தை அடைய எட்டு வரி எண்ண வேண்டியிருக்கும். ஆனால் ஆரப்பாளையம் என்ற வரியும் பொருந்தினால்தான் அந்த ஹங்க் ஒட்டும்.